வருமானக் கேள்வியை ஏன் காலியாக விட்டார்கள்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கருத்துக்கணிப்புத் தரவில் வருமானக் கேள்விக்குத்தான் காலியிடங்கள் அதிகம் இருக்கும். பதில் இல்லாத படிவங்களை நீக்கிவிட்டு மீதிக்குச் சராசரி போடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அப்படிச் செய்யலாமா என்பது, பதில் எதனால் விடுபட்டது என்பதைப் பொறுத்தது. அந்தக் காரணத்தை வைத்து விடுபடலை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். இந்த வகைப்பாட்டுக்கு அடித்தளமிட்டவர் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் (1976).

அச்சுக் கோளாறால் சில படிவங்களில் கடைசிப் பக்கமே இல்லை என்று வையுங்கள். அந்தப் படிவம் யார் கைக்குப் போனது என்பதற்கும் அவர் வருமானத்துக்கும் தொடர்பில்லை. இது முழுக்கத் தற்செயலான விடுபடல். நீக்கினால் எண்ணிக்கை குறையும், சராசரி ஒருபக்கம் சாயாது. ஆனால் இப்படி அமைவது அபூர்வம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 100 அரசு ஊழியர்கள், சராசரி மாத வருமானம் 40,000 ரூபாய். 100 கடைக்காரர்கள், சராசரி 60,000. உண்மையான மொத்தச் சராசரி 50,000. ஊழியர்களில் 90 பேரும் கடைக்காரர்களில் 50 பேரும் மட்டுமே பதில் சொல்கிறார்கள். தொழிலைப் பொறுத்துத்தான் பதில் விடுபடுகிறது. ஒரே தொழிலுக்குள் யார் விட்டார் என்பது வருமானத்தைப் பொறுத்ததல்ல. இதைத்தான் தற்செயலான விடுபடல் என்கிறார்கள். பதில் சொன்ன 140 பேரின் சராசரி சுமார் 47,143. காலியிடங்களில் இதே எண்ணை நிரப்பினாலும் பிழை அப்படியே இருக்கும், போதாததற்கு வருமானங்களின் பரவலும் சுருங்கிவிடும். தொழில்வாரியாகச் சராசரி எடுத்து, இரண்டு தொழிலுக்கும் சம எடை கொடுத்தால் 50,000 திரும்பக் கிடைக்கும். தொழில் என்ற கேள்வி படிவத்தில் இருந்ததால்தான் இது முடிந்தது.

சரி, கடைக்காரர்களில் அதிகம் சம்பாதிப்பவர்களே பதிலைத் தவிர்த்திருந்தால்? பதில் சொன்ன 50 பேரின் சராசரி 50,000தான் என்று வையுங்கள். தொழில்வாரித் திருத்தம் செய்தும் 45,000தான். விடுபட்ட எண்ணே விடுபடலுக்குக் காரணமாக இருப்பதால், இது தற்செயலற்ற விடுபடல்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. விடுபடல் முழுக்கத் தற்செயலா என்று பார்க்கும் லிட்டில் சோதனையை ஓட்டி, வேறுபாடு தெரியவில்லை என்றதும் 'தற்செயல்தான்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சோதனை முழுக்கத் தற்செயல் என்ற அனுமானத்துக்கு எதிரான சான்றைக் காட்டலாம், அதை நிரூபிக்காது. பின்னிரண்டு வகைகளைக் கையில் உள்ள தரவை மட்டும் வைத்துப் பிரித்தறியவும் முடியாது. தேவையான எண்கள்தானே காணவில்லை!

அதனால் அனுமானத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். பதில் சொல்லாத கடைக்காரர்களுக்குச் சொன்னவர்களைவிட 20% கூடுதல் வருமானம் என்று வைத்தால் மொத்தச் சராசரி 47,500, 40% என்றால் 50,000. உங்கள் முடிவு எந்த இடத்தில் மாறுகிறது என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். அப்புறம், அடுத்த படிவத்தில் மின்கட்டணம், வாகனம், கடையின் ஆட்கள் எண்ணிக்கை போன்றவற்றையும் கேளுங்கள். வருமானத்தை மறைப்பவர்கள்கூட இவற்றைச் சொல்லக்கூடும், அவற்றை வைத்துச் சாய்வைக் கொஞ்சமாவது குறைக்கலாம்.