மெழுகுவத்தி அணைந்தது, பாடம் மாறிப்போனது: தொட்டிப் பாதுகாப்புப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில், கழிவுநீர்த் தொட்டியில் இறங்குகிறவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. நடத்தியவர் புதிதாக வேலைக்கு வந்த இளைஞர். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படும் இருபது பேர் முன்னால், அவர் ஒரு வாளியையும் மெழுகுவத்தியையும் எடுத்து வைத்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் அதே வாளியோடுதான் ஊர் ஊராகப் போனேன்.

ஸ்லைடைப் பார்த்து வாசிக்காதீர்கள், ஆங்கிலம் கலக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காட்ட எளிதானதைக் காட்டுவது

வாளிக்குள் ஆப்பசோடாவைப் போட்டு வினிகரை ஊற்றினால் கரியமில வாயு கிளம்பி அடியில் தங்கும். கம்பியில் கட்டிய மெழுகுவத்தியை உள்ளே இறக்கினால் பொக்கென்று அணைந்துவிடும். "பார்த்தீர்களா, கண்ணுக்குத் தெரியாத வாயு அடியில் நிற்கிறது" என்பேன். கைதட்டல் கிடைக்கும். நானும் பெருமையாகக் கிளம்பிவிடுவேன்.

ஒரு மாதம் கழித்து அதே ஷாப்புக்குப் போனபோது, கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் கயிற்றில் மெழுகுவத்தியைக் கட்டிக்கொண்டிருந்தார். "நீங்க சொன்னதுதான் சார். அணையலைன்னா இறங்கலாம்ல?" என்றார்.

அவர்மேல் தவறே இல்லை. கிணற்றில் இறங்குமுன் விளக்கை விட்டுப் பார்க்கும் வழக்கம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். என் வாளி அதற்கு முத்திரை குத்திவிட்டது, அவ்வளவுதான். ஆனால் தோல் ஷாப் தொட்டியில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு. முடி நீக்கப் போடும் சல்பைடு கலந்த கழிவும், பிக்கிள் வேலையில் வரும் அமிலக் கழிவும் ஒன்றுசேர்ந்தால் அது கிளம்பும். அடியில் படிந்த சேற்றைக் கிளறினாலும் கிளம்பும். ஆயிரம் பிபிஎம், அதாவது காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். அந்த அளவுக்கெல்லாம் மெழுகுவத்தி அணையாது, சாதாரணமாக எரியும். மீத்தேனும் சேர்ந்திருந்தால் அந்தச் சுடரே தொட்டியை வெடிக்க வைக்கலாம்.

வாயு அடியில் தங்கும் என்று சொல்ல நினைத்தேன். நெருப்பை வைத்துத் தொட்டியைச் சோதிக்கலாம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டேன். பயிற்சி முடிந்ததும் ஒரே ஒருவரிடம், "நாளைக்கு இந்தத் தொட்டியைத் திறந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? செய்து காட்டுங்கள்" என்று கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். கேட்கவில்லை. இன்று நினைத்தாலும் எரிச்சல் வருவது அதனால்தான்.

இப்போது நான் செய்வது வேறு. வேலையில் அவர்கள் கை செய்ய வேண்டியதை மட்டும்தான் காட்டுகிறேன். கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலும் நிறுத்தி, ஒவ்வொரு இடத்திலும் எண் நிலைக்கும்வரை பொறுக்க வேண்டும். மீட்டர் அலறினால் மூடியை மூடிவிட்டு விலக வேண்டும். எண்ணைப் படிக்கத் தெரியாவிட்டாலும் அலறலும் சிவப்பு விளக்கும் எல்லாருக்கும் புரியும்.

அப்புறம் தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, அதுதான் தொட்டி என்கிறேன். முன்கூட்டியே சொல்லி வைத்த ஒருவர் உள்ளே போய்த் திடீரென்று விழுவார். மற்றவர்களிடம் எதுவும் சொல்வதில்லை. முதல் தடவை யாராவது இரண்டு மூன்று பேர் வட்டத்துக்குள் ஓடிவிடுவார்கள். "கால் வைத்தவர்கள் எல்லாரும் அங்கேயே படுங்கள்" என்பேன். சிரிப்பு வரும். படுத்திருப்பவர்களை எண்ணச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிடும். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து செத்த கதை அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அடுத்து, ஐம்பது கிலோ மணல் மூட்டையை ஒரு பள்ளத்தில் போட்டு வெறுங்கையால் கயிறு போட்டு இழுக்கச் சொல்வேன். ஒருவரால் முடியாது. அதே மூட்டையில் முதலிலேயே பெல்ட்டும் கயிறும் மாட்டி, பள்ளத்துக்கு மேல் நிறுத்திய முக்காலியில் இருக்கும், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சைச் சுற்றினால் ஒரே ஆள் மேலே கொண்டுவந்துவிடுவார். இறங்குவதற்கு முன்பே கயிறு ஏன் உடம்பில் இருக்க வேண்டும் என்பதற்கு அதன்பின் விளக்கம் தேவைப்படுவதில்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவும் பெல்ட்டைக் கயிற்றில் கட்டி, மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னது.

வாடையைச் செய்து காட்டப் பார்ப்பது

வேண்டாம். அழுகிய முட்டை வாடை இருந்தால்தான் ஆபத்து என்பது அவர்கள் நம்பிக்கை. ஹைட்ரஜன் சல்பைடு நூறு பிபிஎம்மைத் தொட்டால் சில நிமிஷத்தில் மூக்கே மரத்துவிடும். வாடை போய்விட்டதே என்று ஆள் தைரியமாகிவிடுவார். முதல் நாள் வேலைக்கு வந்தபோது இந்த நாற்றம் எப்படி இருந்தது, இப்போது தெரிகிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். மூக்கை நம்ப முடியாது என்ற பேச்சு அவர்கள் வாயிலிருந்தே வரும்.

படத்தை ஆபீசில் வைத்தே முடிவு செய்வது

ஒருவர் விழுந்து கிடக்கிறார், இன்னொருவர் இறங்கப் போகிறார், மேலே பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. எனக்கு இதைவிடத் தெளிவான படம் இல்லை என்று தோன்றியது. அச்சடிக்கும் முன் ஓர் அம்மாவிடம் நீட்டி, "இதில் என்ன நடக்கிறது?" என்று கேட்டேன். "ஒருத்தர் விழுந்துட்டாரு, இவரு தூக்கப் போறாரு. அப்புறம் ஆஸ்பத்திரி" என்றார். சிவப்புக் குறி அவருக்கு ஆஸ்பத்திரிக் குறி.

புரியாமல் போவது ஒரு தவறு, நேர் எதிராகப் புரிவது வேறு தவறு. பாதுகாப்புக் குறிகளுக்கான அமெரிக்கத் தரமும் இரண்டையும் பிரித்தே எண்ணுகிறது: நூற்றுக்கு 85 பேராவது சரியாகச் சொல்ல வேண்டும், எதிராகச் சொல்பவர்கள் ஐந்துக்கு மேல் போகக் கூடாது. நம் ஷாப்பில் நூறு பேரைத் தேட வேண்டாம். பத்துப் பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் எதிராகச் சொன்னாலும் படத்தை மாற்றுங்கள். நான் குறியையே எடுத்துவிட்டேன். அதே ஷாப் தொட்டியின் போட்டோவில், ஒருவர் வெளியே நின்றபடி வின்ச்சைச் சுற்றுகிறார். செய்யக் கூடாததை வரையவே இல்லை.

"புரிந்ததா?"

தலையாட்டுவார்கள்.

கைநாட்டு

அது கோப்புக்கு.

திருப்பிச் சொல்லச் சொல்வதைப் பரீட்சையாக்குவது

"நீ சொல்லு பார்க்கலாம்" என்று ஆரம்பித்தால் பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிய ஞாபகம்தான் வரும். நான் இப்படிக் கேட்கிறேன்: "நான் சரியாகக் காட்டினேனா என்று எனக்குத் தெரிய வேண்டும். புதிதாக ஒரு தம்பி வந்திருக்கிறான், அவனுக்கு நீங்கள் காட்டுங்கள்." ஒரு நேரத்தில் ஆறேழு பேருக்கு மேல் வேண்டாம். எந்தப் படியில் கை தடுமாறுகிறதோ அதை நான் வேறு மாதிரி காட்டிவிட்டு, மறுபடி அவரையே காட்டச் சொல்வேன். நன்றாகப் பேசுகிறவரை விட்டுவிடுங்கள், அவர் கேட்டதை அப்படியே ஒப்பிப்பார். மூலையில் நிற்பவர் கையில் மீட்டரைக் கொடுங்கள்.

மேஸ்திரியை வெளியே நிறுத்துவது

அவர் பக்கத்தில் நின்றால் ஆட்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்று வெகுநாள் அவரைச் சேர்க்காமலேயே பயிற்சி நடத்தினேன். திருப்பிக் காட்டும்போது அவர் இருக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் அவருக்கென்று தனியாக ஒரு சுற்று வைக்கவே எனக்குத் தோன்றவில்லை. ஒரு ஷாப்பில் வாராவாரம் அதே சுண்ணாம்பு வட்டம் போட்டுப் பார்த்தோம். முதல் வாரம் மூன்று பேர் உள்ளே ஓடினார்கள், அடுத்த வாரம் ஒருவர். மூன்றாவது வாரம் ஆட்கள் எல்லாரும் வெளியே நின்று வின்ச்சைத் தேடிக்கொண்டிருந்தபோது, சத்தம் கேட்டு எங்கிருந்தோ ஓடிவந்த மேஸ்திரி, "என்னடா வேடிக்கை பார்க்கறீங்க?" என்று கத்திக்கொண்டே நேராக வட்டத்துக்குள் பாய்ந்தார்.