விடுப்பில் செல்லும் மருத்துவரின் ஒப்படைப்புக் குறிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“வால்வு மாற்று அறுவை செய்துகொண்டவர். வார்ஃபரின் எடுக்கிறார். ஐ.என்.ஆர். பார்க்கவும்.” சில ஆண்டுகளுக்கு முன், இரண்டு வார விடுப்பில் ஊருக்குப் புறப்படும் முன்னிரவில், எனக்குப் பதிலாகப் பணியாற்ற வந்த இளம் மருத்துவருக்கு நான் எழுதி வைத்த குறிப்பின் ஒரு பகுதி இது. கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் நான் நடத்தும் சிறிய மருத்துவமனையில் நானும் ஒரு செவிலியரும் மருந்து எடுத்துக் கொடுக்கும் ஒருவரும்தான் இருக்கிறோம். ஆய்வகம் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. குறிப்பில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தக் குறிப்பால் நாற்பத்தெட்டு வயதான ஒரு விவசாயத் தொழிலாளிப் பெண்மணி ரத்தக் கசிவோடு மருத்துவமனையில் சேர நேர்ந்தது. நான் செய்த தவறுகளையே பலரும் செய்வதைப் பிறகு பார்த்திருக்கிறேன் என்பதால், அந்த நிகழ்வை வைத்தே விளக்குகிறேன்.

முதல் தவறு, முடியாத வேலையை எழுதாமல் நோயாளியின் வரலாற்றை எழுதுவது. அந்தப் பெண்மணிக்கு இதயத்தின் மைட்ரல் வால்வுக்குப் பதிலாக உலோக வால்வு பொருத்தியிருந்தார்கள். வால்வில் ரத்தக் கட்டி உருவாகாமல் இருக்கத் தினமும் இரவில் வார்ஃபரின் 5 மில்லிகிராம் எடுத்து வந்தார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு பல மாதங்களாக 2.9 அருகிலேயே இருந்தது. இவையெல்லாம் அவருடைய நோட்டுப் புத்தகத்திலேயே இருந்தன. யார் எடுத்துப் பார்த்தாலும் தெரிந்துகொள்ளலாம். எங்கும் எழுதப்படாமல் என் மனத்தில் மட்டும் இருந்தது வேறொன்று. செவ்வாய்க்கிழமை அவர் சிறுநீர் எரிச்சலோடு வந்தபோது, ஐந்து நாளைக்குக் கோட்ரைமாக்சசோல் எழுதிக் கொடுத்திருந்தேன். வார்ஃபரின் உடலில் சிதைவதைத் தடுத்து ஐ.என்.ஆர். அளவைச் சில நாளிலேயே மேலே தள்ளிவிடும் மருந்து அது. நைட்ரோஃபியூரன்டாயின் கொடுத்திருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வந்திருக்காது. அன்று கைவசம் இருந்ததைக் கொடுத்தேன், சனிக்கிழமை ரத்தம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். “ஐ.என்.ஆர். பார்க்கவும்” என்ற சொற்களுக்குப் பின்னால் இருந்த அவசரம், படிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

இரண்டாவது தவறு, முடிவு யாருடைய கைக்கு வரும் என்று எழுதாதது. ரத்தம் சனிக்கிழமை காலையில் எடுக்கப்பட்டது. ஆய்வகத்தார் வழக்கம்போல அன்று மாலை என் கைப்பேசிக்கு முடிவை அனுப்பினார்கள். நான் பயணத்தில் இருந்தேன், கைப்பேசி அணைந்திருந்தது. மறுநாள் ஞாயிறு, அதற்கு மறுநாள் தீபாவளி. செவ்வாய்க்கிழமை காலையில் ஈறில் ரத்தமும் தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலத் தடிப்புமாக அவர் வந்து நின்றபோதுதான், ஐ.என்.ஆர். 7.2 என்று மூன்று நாளைக்கு முன்பே வந்திருந்தது தெரிந்தது. இடைப்பட்ட மூன்று இரவும் அவர் மாத்திரையைத் தவறாமல் போட்டிருந்தார். மாற்று மருத்துவர் சரியாகவே செய்தார். மாத்திரையை நிறுத்தி, தசையில் ஊசி எதுவும் போடாமல், உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். ஐந்தாம் நாள் அந்தப் பெண்மணி வீடு திரும்பினார்.

விடுப்புக் காலத்தில் ஆய்வக முடிவுகள் வரும் எண்ணை மாற்றச் சொல்வது இரண்டு நிமிட வேலை. அதை மருத்துவரே ஆய்வகத்துக்கு நேரில் சொல்ல வேண்டும். செவிலியர் வழியாகச் சொல்லி அனுப்பினால் அது பெரும்பாலும் அடுத்த ஆள் கைமாறும்போது மறந்துபோகிறது. புறப்படும் நாளில் வரவேண்டியிருக்கும் முடிவுகள் ஒவ்வொன்றையும், நோயாளியின் பெயர், அனுப்பிய நாள், எதிர்பார்க்கும் நாள் என்று தனித் தாளில் எழுதுவது நல்லது. எங்கள் மருத்துவமனையில் அது பொதுவாக ஏழெட்டு வரிகளைத் தாண்டுவதில்லை.

மூன்றாவது தவறுதான் மிகப் பெரியது என்று கருதுகிறேன்: எந்த அளவுக்கு என்ன செய்வது என்று எழுதாமல் விடுவது. ஐ.என்.ஆர். 3.3 என்று முடிவு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வார்ஃபரின் எடுக்கும் பலருக்கு 2 முதல் 3 வரைதான் இலக்கு. ஆகையால் புதியவர் மாத்திரையைக் குறைத்திருக்கக்கூடும். உலோக மைட்ரல் வால்வு உள்ளவருக்கு இலக்கு 2.5 முதல் 3.5 வரை. அவருக்கு 3.3 சரியான அளவு. அதைக் குறைப்பது வால்வில் கட்டி உருவாக இடம்கொடுப்பதாகும். ஆகவே எதற்காக மருந்து எடுக்கிறார் என்பதும் இலக்கு என்ன என்பதும் ஒரே வரியில் இருந்தாக வேண்டும். மருந்தின் பெயரையும் முழுமையாக எழுத வேண்டும். “ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை” என்று நோயாளிகள் சொல்வது வார்ஃபரினாகவும் இருக்கலாம், அசினோகூமரோலாகவும் இருக்கலாம். இரண்டின் அளவும் வேறு, உடலில் தங்கும் நேரமும் வேறு.

இன்று அந்தக் குறிப்பை எழுதினால் இப்படி எழுதுவேன்: “உலோக மைட்ரல் வால்வு, வார்ஃபரின் 5 மில்லிகிராம் இரவில், இலக்கு 2.5 – 3.5, கடைசி அளவு 2.9. செவ்வாயன்று கோட்ரைமாக்சசோல் தொடங்கியதால் அளவு ஏறும் என்று எதிர்பார்க்கிறேன். சனி காலை ரத்தம், மாலை முடிவு உங்கள் எண்ணுக்கு வரும். ஏழு மணிக்குள் வராவிட்டால் நீங்களே ஆய்வகத்தைக் கூப்பிட வேண்டும். 3.5 முதல் 4.5 வரை இருந்தால் அன்றிரவு மாத்திரையை நிறுத்துங்கள். 4.5 முதல் 10 வரை இருந்து ரத்தக் கசிவு இல்லாவிட்டால் ஓரிரு வேளை நிறுத்தி, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மறுபடியும் பாருங்கள்; வைட்டமின் கே கொடுக்க வேண்டாம். 10-ஐத் தாண்டினாலோ, எந்த அளவிலும் ரத்தக் கசிவு இருந்தாலோ, தலைவலி, கறுப்பு மலம் என்று சொன்னாலோ, காத்திருக்காமல் அனுப்பிவிடுங்கள். ஞாயிறும் திங்களும் ஆய்வகம் இல்லை. அவருடைய மகனின் எண் நோட்டின் முதல் பக்கத்தில் உள்ளது.” வைட்டமின் கே வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. பதற்றத்தில் அதிக அளவில் கொடுத்துவிட்டால், அதன் பிறகு பல நாளைக்கு வார்ஃபரின் வேலை செய்யாது. உலோக வால்வு உள்ளவருக்கு அது ரத்தக் கசிவைப் போலவே ஆபத்தானது.

பத்து வரிதான். ஆனால் இந்தப் பத்து வரியை எல்லா நோயாளிகளுக்கும் எழுத முடியாது, எழுதவும் கூடாது. நாற்பது பேரைப் பற்றி நாற்பது வரி எழுதுவதும் ஒரு தவறுதான். அதில் ஆபத்தான நால்வர் காணாமல் போய்விடுவார்கள். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதந்தோறும் வருகிறவர்களை அவர்களுடைய நோட்டே பார்த்துக்கொள்ளும். அடுத்த இரண்டு வாரத்துக்குள் நிலை மாறக்கூடியவர்கள், சமீபத்தில் மருந்து மாற்றப்பட்டவர்கள், முடிவு வரவேண்டியவர்கள் ஆகியோரை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

இனி ஊரைப் பற்றி எழுதாமல் விடும் தவறு. மாற்று மருத்துவர் நகரத்திலிருந்து வருபவராக இருந்தால் இது உயிர்ப் பிரச்சினை. குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றையொன்று தொட்டு நடக்கும் ஐப்பசி மாதத்தில், எங்கள் பக்கம் யாராவது வந்து “பூச்சி கடிச்சிருச்சு, டாக்டரய்யா” என்று சொன்னால் அது பாம்பாகவும் இருக்கலாம்; இருட்டிய பிறகு பாம்பின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் பூச்சி என்றே சொல்வார்கள். அதை அறியாதவர் ஒவ்வாமைக்கான மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ ஏறக்குறைய இருக்காது. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார், இமைகள் மெல்லத் தொங்கத் தொடங்கியிருக்கும். இந்த வழக்குச் சொல்லையும் இந்த அறிகுறியையும் இப்போது என் குறிப்பின் முதல் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

இதோடு ஒட்டியே வருவது, பதிவேட்டைப் பார்த்து இருப்பை எழுதும் தவறு. ஒருமுறை பதிவேட்டில் பாம்பு விஷ முறிவு மருந்து பத்துக் குப்பி என்று இருந்தது. அலமாரியைத் திறந்து எண்ணியபோது ஆறுதான் இருந்தது. தொடக்க அளவே 8 முதல் 10 குப்பி. இருப்பை எண்ணி, காலாவதி நாளைப் பார்த்து, எண்ணிய நாளோடு எழுத வேண்டும். மருந்தால் ஒவ்வாமை ஏற்பட்டால் போடவேண்டிய அட்ரினலின் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதையும் அதே இடத்தில் எழுத வேண்டும்.

கண்ணாடிச் சோதனைக் குழாய் இருக்கும் இடத்தையும் குறிப்பிடுங்கள். கண்ணாடிவிரியன் கடியில் ரத்தம் உறைகிறதா என்று பார்க்க, இரண்டு மில்லிலிட்டர் ரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துப் பிறகு சாய்த்துப் பார்க்கிறோம். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலோ இதைச் செய்தால், நல்ல ரத்தம்கூட உறையாமல் நின்று தவறான முடிவைக் காட்டும். புதியவர் கைக்கு எட்டியதை எடுப்பார் என்பதால், நான்கு புதிய கண்ணாடிக் குழாய்களை விஷமுறிவு மருந்தோடு ஒரே பெட்டியில் வைத்துவிட்டுப் போவேன். ஆனால் இமை தொங்கினாலோ பேச்சுக் குழறினாலோ இந்த 20 நிமிடத்துக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதையும் கூடவே எழுதுவேன். மருந்தைத் தொடங்கி, 108-ஐ அழைத்து, செயற்கைச் சுவாச வசதி உள்ள தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

“ஐயமிருந்தால் என்னைக் கூப்பிடுங்கள்” என்று எழுதிக் குறிப்பை முடிப்பது இன்னொரு தவறு. கூப்பிடத் தயங்குவது புதியவரின் இயல்பு. அதோடு, எந்த நேரத்தில் நான் கிடைப்பேன் என்பது அவருக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக, முதல் வாரம் முழுவதும் இரவு எட்டரை மணிக்கு நானே அவரைக் கூப்பிடுவதாக எழுதுகிறேன். பத்து நிமிடம் போதும். தனித் தாளில் உள்ள ஏழெட்டு வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, முடிந்ததை இருவரும் அடித்துவிடுகிறோம்.

குறிப்பை எழுதிய பிறகு அதைச் செவிலியரோடு உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். அந்த வால்வு நோயாளியின் வரியை அன்று படித்திருந்தால், “திங்கட்கிழமை தீபாவளி ஆச்சே, டாக்டர்? அன்னிக்கு ஆய்வகம் ஏது?” என்று எங்கள் செவிலியர் அப்போதே கேட்டிருப்பார்.