மருந்து லேபிளை மொழிபெயர்க்கும்போது ஹெக்டேரை விட்டுவிடாதீர்கள்

பூச்சிமருந்து லேபிளை போட்டோ எடுத்து அனுப்பி, தமிழில் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் "/ha" என்பதை முதலில் பாருங்கள். அது ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். "500 ml/ha, 500 லிட்டர் தண்ணீர்" என்று இருப்பதை வெறும் "500 மில்லி" என்று எழுதிக் கொடுத்தால், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் அத்தனையையும் அதிலேயே அடித்துவிடுவார், இரண்டரை மடங்கு ஆகிவிடும். ஏக்கருக்கு 200 மில்லி, 200 லிட்டர் தண்ணீர், 10 லிட்டர் டேங்குக்கு 10 மில்லி என்று கணக்குப் போட்டே கொடுங்கள். போட்டோ மங்கலாக இருந்தால் 0.5 என்பது 5 மாதிரி தெரியும், ஊகிக்காமல் வேறு படம் கேளுங்கள். அப்புறம், கையுறை, முகக்கவசம் பற்றிய வரியோடு, கடைசியாக மருந்தடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள்.