எடிட் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் லேப்டாப்பை ஃபார்மட் செய்யாதீர்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் கல்யாணமும் ஊர்ப் பண்டிகையும் எடுக்கும் தம்பிகள் நிறையப் பேர் இப்போது டாவின்ச்சி ரிசால்வில் எடிட் செய்கிறார்கள். பழைய வேலையைத் திரும்பத் திறக்க முடியவில்லை என்று வருகிறவர்கள், பெரும்பாலும் கீழே உள்ள ஐந்து இடங்களில் ஒன்றில்தான் தவறியிருக்கிறார்கள்.

புராஜெக்ட் ஃபோல்டருக்குள் இருக்கிறது என்று நம்புவது

ஒரு தம்பி, ஹெத்தை அம்மன் பண்டிகையைப் படமாக்கி ஊருக்குக் கொடுத்தான். மூன்று வருடம் கழித்து ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டார்கள். பின்னணிக் குரலில் ஒரு தகவலைத் திருத்த வேண்டும், தலைப்பில் ஒரு பெயரை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துப் பார்த்தான். கேமரா ஃபைல்கள், ஆடியோ, பாட்டு எல்லாமே பத்திரமாக இருந்தன. எடிட் மட்டும் இல்லை.

நடுவில் லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று ஃபார்மட் செய்திருக்கிறான். எடிட் அதோடு போய்விட்டது.

பிரீமியரில் நாம் சொல்லும் இடத்தில் `.prproj` என்று ஒரு ஃபைல் உருவாகும். அதைக் கண்ணால் பார்க்கலாம், காப்பி செய்யலாம். ரிசால்வ் அப்படி இல்லை. நீங்கள் எத்தனை முறை சேவ் கொடுத்தாலும் புராஜெக்ட் அதன் சொந்த லைப்ரரிக்குள்தான் போகும். நீங்களாக மாற்றாவிட்டால் அந்த லைப்ரரி சிஸ்டம் டிரைவில் இருக்கும். வெளி டிஸ்க்கில் இருப்பது காட்சிகள் மட்டும். எந்தக் காட்சியை எங்கே வெட்டினீர்கள், எப்படிக் கலர் செய்தீர்கள், எந்தத் தலைப்பு போட்டீர்கள் என்பதெல்லாம் லேப்டாப்பில். இதை யாரும் முதல் நாளே சொல்லித் தருவதில்லை என்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

அவனிடம் மிஞ்சியது கடைசியாக ஏற்றிய `MP4` ஒன்றுதான். அதை ரிசால்வின் `Scene Cut Detection` வழியாக வெட்டிப் பார்த்தோம். நேரடி வெட்டுகள் ஓரளவு கிடைத்தன. ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாகும் இடங்கள் சரியாக வரவில்லை. குரலும் பாட்டும் ஒன்றாகக் கலந்திருந்ததால் குரலை மட்டும் சுத்தமாகப் பிரித்து மாற்ற முடியவில்லை. பழைய தலைப்பு படத்தோடு ஒட்டியிருந்தது. ஒரு பெயரை மாற்றுவதற்காக முழுப் படத்தையும் மறுபடி கட்டினான்.

இதைத் தவிர்க்க அதிக நேரம் ஆகாது. தினமும் வேலை முடிந்ததும் `File > Export Project` கொடுத்து `.drp` ஃபைலை வேலை ஃபோல்டருக்குள்ளேயே வையுங்கள். அதில் காட்சிகள் இருக்காது, எடிட் மட்டும்தான். அதனால் சின்ன ஃபைல். பெயரில் தேதியும் பதிப்பு எண்ணும் வரட்டும்: `2022-12_Hethai_v07_2023-01-14.drp`. வருடம் முதலில் வந்தால் ஃபைல்கள் தானாக வரிசையில் நிற்கும்.

வேலையை ஒப்படைத்த அன்று புராஜெக்ட் மேனேஜரில் வலது கிளிக் செய்து `Export Project Archive` கொடுங்கள். புராஜெக்ட்டும் அதில் சேர்த்த காட்சிகளும் `.dra` என்ற ஒரே ஃபோல்டரில் சேரும். டவுன்லோட்ஸிலிருந்து இழுத்துப் போட்ட பாட்டும் வாட்ஸ்அப்பில் வந்த படமும்கூட அதில் வந்துவிடும். ஃபான்ட் வராது; தமிழ்த் தலைப்புக்குப் போட்ட ஃபான்ட்டை நீங்களே எடுத்து வைக்க வேண்டும். அப்புறம், புது ரிசால்வ் பழைய புராஜெக்ட்டைத் திறக்கும். புதியதில் சேவ் செய்ததைப் பழைய ரிசால்வ் திறக்காது. எந்தப் பதிப்பில் செய்தீர்கள் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வையுங்கள்.

கேமரா ஃபைல்களை ஒரே ஃபோல்டரில் கொட்டுவது

இரண்டு சோனி கேமரா இருந்தால் இரண்டிலும் `C0001.MP4` இருக்கும். சிலர் மோதாமல் இருக்கப் பெயரை மாற்றுகிறார்கள், அதுவும் எடிட் தொடங்கிய பிறகு. உடனே இணைப்பு அறுந்து `Media Offline` என்று வரும். அசல் பெயரைத் தொடாதீர்கள். கார்டுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, கார்டில் உள்ளதை அப்படியே இறக்குங்கள்.

```
2022-12_Hethai/
  01_Camera/A_Card1/
  01_Camera/A_Card2/
  01_Camera/B_Card1/
  02_Audio/
  03_Music_Photos/
  04_Fonts/
  05_Project/
```

பின்னாளில் மறுபடி இணைக்கும்போது பேசுகிறவர் முகம் வர வேண்டிய இடத்தில் தேயிலைத் தோட்டம் வந்தால், அதே பெயருள்ள வேறு கார்டு ஃபைல் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம்.

சிங்க் செய்வதை பேக்கப் என்று நினைப்பது

இரண்டு இடங்களைச் சிங்க் செய்து வைத்தால், ஒன்றில் தெரியாமல் அழித்த ஃபைல் மற்றதிலும் அழியும்.

வேலை டிஸ்க்கையும் பேக்கப் டிஸ்க்கையும் ஒரே அலமாரியில் வைப்பது

மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் ஊர் இது. டிஸ்க்கைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பேக்கப் டிஸ்க் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

திறந்து பார்க்காமல் மூடி வைப்பது

வேலை டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பேக்கப் டிஸ்க்கை மட்டும் நண்பரின் கம்ப்யூட்டரில் செருகி `.dra`வை `Restore Project Archive` வழியாகத் திறங்கள். டைம்லைனை முதலிலிருந்து கடைசிவரை நகர்த்துங்கள். எங்கெல்லாம் சிவப்பாக `Media Offline` வருகிறதோ, எந்தத் தலைப்பில் எழுத்து மாறிக் கிடக்கிறதோ, அதெல்லாம் இன்னும் உங்கள் லேப்டாப்பில் மட்டுமே இருக்கிறது. அவற்றையும் எடுத்து உள்ளே போட்ட பிறகு லேப்டாப்பை ஃபார்மட் செய்துகொள்ளலாம்.