சித்தியோடு வெளிநாடு போகும் குழந்தைக்கு

தண்டையார்பேட்டையிலிருந்து அக்காள் மகளை மலேசியாவுக்கு அழைத்துப் போனபோது தெரிந்துகொண்டது இது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் பெற்றோர் யாரென்று சொல்லும். சித்தி யாரென்று சொல்லாது. அக்காள், நான் இருவர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலும் ஒரே பெற்றோர் பெயர் அச்சாகியிருந்ததால், அக்காளுடையதன் நகலே உறவுக்குச் சான்றானது. உங்களுடையதில் அப்பெயர்கள் உள்ளனவா என்று பாருங்கள்.

குழந்தையை அனுப்பப் பெற்றோர் தரும் சம்மதக் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். குழந்தை, உடன் செல்பவர் இருவரின் பாஸ்போர்ட் எண்கள், போய்வரும் தேதிகள், தங்கும் முகவரி, பெற்றோரின் தொலைபேசி எண்கள் எல்லாம் அதில் வேண்டும். தாய், தந்தை இருவரும் பாரிமுனைப் பக்கம் நேரில் போய் நோட்டரி முன் கையெழுத்திடலாம். தந்தை துபாயில் இருந்தால், அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகம் வழியாகத் தனிக் கடிதம். மூலப் பிரதிகள் கைப்பையில்தான். பெட்டியில் போட்டால் குடியேற்ற கவுன்ட்டரில் காட்ட முடியாது.