ஒன்பது கோயிலுக்கும் ஒரே இணையதளமா? நவக்கிரக யாத்திரைக்கு முன்பதிவு செய்வோர் கவனத்துக்கு

டொரன்டோவில் இருக்கும் என் சித்தி, போன வருடம் ஊருக்கு வரும் முன்பே திருநாகேஸ்வரத்தில் ராகு கால பாலாபிஷேகத்துக்கு இணையத்தில் பணம் கட்டிவிட்டு ரசீதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கோபுரப் படம், பெயர், ராசி, நட்சத்திரம் எல்லாம் சரியாக இருந்தன. நேரம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி என்றிருந்தது. ஞாயிறு ராகு காலம் மாலை நாலரை முதல் ஆறு வரை. காலை 9 முதல் 10.30 வரை என்பது சனிக்கிழமைக்கு. ராகு காலத்தில்தான் அந்த அபிஷேகமே நடக்கும். நாள்காட்டி பார்க்கிற யாரும் அந்த நேரத்தை எழுதியிருக்க மாட்டார்கள்.

மறுநாள் கோயில் அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். சித்தியின் பெயரில் எந்தப் பதிவும் இல்லை. அந்த இணையதளத்துக்கும் கோயிலுக்கும் சம்பந்தமே இல்லை என்றார்கள்.

அதே தளத்தில் ஒன்பது நவக்கிரகத் தலங்களுக்கும் 'அதிகாரப்பூர்வ' முன்பதிவு என்று போட்டிருந்தது. நம் பக்கத்துக் கோயில்களின் நிர்வாகம் தெரிந்தவர்களுக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும். திருநாகேஸ்வரமும் ஆலங்குடியும் தமிழக அறநிலையத் துறையின் கீழ் உள்ளவை. வைத்தீஸ்வரன்கோயில் தருமபுரம் ஆதீனத்தின் கோயில், கஞ்சனூர் மதுரை ஆதீனத்தைச் சேர்ந்தது. திருநள்ளாறு காரைக்காலில், அதாவது புதுச்சேரி அரசின் எல்லையில் இருக்கிறது. இத்தனை நிர்வாகத்துக்கும் சேர்த்து ஒரே கல்லாப்பெட்டி கிடையாது. ஒன்பதுக்கும் ஒரே இடத்தில் பணம் வாங்குபவர் நல்லவராகவே இருந்தாலும் ஒரு தரகர்தான். கோயில் அல்ல.

அறநிலையத் துறைக் கோயில் என்றால் hrce.tn.gov.in என்ற முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தொட வேண்டாம். அங்கே கோயிலைத் தேடி எடுத்தால், இணைய வழிச் சேவை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். சில கோயில்களின் தனித்தளமும் hrce.tn.gov.in என்றுதான் முடியும். அந்த 'முடியும்' என்பது முக்கியம். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோடு வரைக்கும் உள்ள பகுதியின் கடைசியைப் பாருங்கள்.

```
hrce.tn.gov.in.example.com/pooja
```

இதில் துறையின் பெயர் முழுசாக இருக்கிறது, ஆனால் தளம் example.com-க்குச் சொந்தம். .com, .org எல்லாம் யாரும் காசு கொடுத்து வாங்கலாம். gov.in அரசுக்கு மட்டும். ஆதீனக் கோயில்களுக்கு இந்த அடையாளம் உதவாது. அங்கே போனும் நேரில் போவதும்தான் வழி.

போன் எண்ணையும் சந்தேகமான தளத்திலிருந்தோ வரைபடத்தில் யாரோ சேர்த்ததிலிருந்தோ எடுக்காதீர்கள். துறையின் தளத்தில் இருந்தோ, ஊரில் உள்ள சொந்தக்காரர் கோயில் அலுவலகப் பலகையைப் படம் எடுத்து அனுப்பியோ பெறுங்கள். மத்தியானம் நடை சாத்தியிருக்கும், அதனால் இந்திய நேரம் காலை 10 மணி வாக்கில் கூப்பிடுவது நல்லது. கோடையில் லண்டனில் அப்போது விடியற்காலை ஐந்தரை, சிங்கப்பூரில் பகல் பன்னிரண்டரை.

கேட்கும் விதமும் இருக்கிறது. 'ரசீது எண் இது, சரிதானே?' என்று ஆரம்பிக்காதீர்கள், அவசரத்தில் 'சரி, வாங்க' என்று வந்துவிடும். 'ஐயா, வரும் ஞாயிறு பாலாபிஷேகம் எத்தனை மணிக்கு? கட்டணம் எவ்வளவு? முன்பதிவு தேவையா, வந்து சீட்டு வாங்கிக்கலாமா?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் நேரமும் தொகையும் உங்கள் ரசீதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு, உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேட்கலாம்.

வெளிநாட்டுக் கார்டு கோயில் தளத்தில் சில நேரம் ஏற்காது. நம்மவர்கள் தனியார் தளத்துக்குப் போவதே பெரும்பாலும் அதனால்தான். அப்படி ஆனால் ஊரில் உள்ள தம்பியையோ மாமாவையோ கவுன்டரில் சீட்டு வாங்கச் சொல்லுங்கள். யாருக்காவது யுபிஐயில் அனுப்ப வேண்டி வந்தால், ரகசிய எண் போடும் முன் திரையில் பெறுபவர் பெயர் வரும். கோயில் பெயருக்குப் பதிலாகத் தனிநபர் பெயரோ டிராவல்ஸ் பெயரோ வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிரசாதம் கூரியரில் வரும் என்று பணம் கேட்பவர்களுக்கும் இதே சோதனைதான்.

பணம் போய்விட்டதா? கார்டில் கட்டியிருந்தால் அன்றே உங்கள் ஊர் வங்கியில் அந்தக் கட்டணத்தை மறுத்துப் புகார் கொடுங்கள். சித்தி அப்படித்தான் செய்தார். இந்தியக் கணக்கிலிருந்து போயிருந்தால், இங்கே இருப்பவர் 1930 எண்ணில் உடனே சொல்ல வேண்டும், cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். அந்த இணையதள முகவரி, ரசீது, பணம் போன விவரம் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு நகலைக் கோயில் அலுவலகத்திலும் கொடுங்கள்.

சித்தி வந்த ஞாயிறன்று நாலு மணிக்கெல்லாம் போய் கவுன்டரில் சீட்டு வாங்கினோம்.