பலாக்கொட்டை வறுக்கிறது எப்படி? சட்டியிலயும் தணல்லயும்

சுளையை எல்லாம் தின்னு முடிச்சதும் கிண்ணம் நிறைய கொட்டை மிஞ்சும்ல, அதை சாம்பார்ல போடுறதும் அவிச்சு உப்பு போட்டுத் திங்கிறதும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வறுக்கும்போதுதான் சிக்கல் வரும். ஒண்ணு பட்டு பட்டுனு வெடிச்சு சமையக்கட்டு முழுக்க சிதறும், இல்லன்னா வெளிய கரிஞ்சுபோயி உள்ள கடிச்சா பச்சையா நறுக்குனு இருக்கும். ரெண்டுக்கும் காரணம் கொட்டைக்குள்ள இருக்கிற தண்ணிதான். பச்சைக் கொட்டையோட எடையில பாதி அளவுக்கு தண்ணி இருக்கு, மிச்சம் பெரும்பாலும் மாவு. சூடு ஏறுனா அந்தத் தண்ணி ஆவியாகி மாவை வேக வைக்கணும், அப்புறம் மெதுவா வெளிய போகணும். வெளிய போக வழி இல்லன்னா வெடிக்கும், வேகுறதுக்கு முன்னாடியே தோல் கருகிட்டா உள்ள பச்சை. இத மனசுல வச்சுக்கிட்டா கீழ சொல்றது எல்லாம் ஏன்னு தானா புரியும்.

கொட்டையைத் தயார் பண்றது

கால் கிலோ கொட்டை வச்சு சொல்றேன், சைஸைப் பொறுத்து 40, 50 கொட்டை வரும். பழத்துல இருந்து எடுத்த உடனே கொட்டை மேல ஒரு வழவழப்பான சவ்வு ஒட்டியிருக்கும், தண்ணியில போட்டு ரெண்டு மூணு தடவை நல்லா தேச்சுக் கழுவிடுங்க. அந்தப் பிசுக்கு இருந்தா சட்டியில இனிப்பு கருகி ஒட்டிக்கும், கையில கத்தியும் வழுக்கும். கழுவுனதை ஒரு துணியில பரப்பி வீட்டுக்குள்ள நிழல்லயே ஒரு நாள் விடுங்க, ரெண்டு நாள் விட்டா இன்னும் நல்லது. காயக் காய வெள்ளைத் தோல் விறைச்சு காகிதம் மாதிரி ஆகும், நகத்தால கீறுனா படக்குனு உடையும். அதுதான் பதம். வெயில்ல ரொம்ப நாள் போட்டா உள்ள பருப்பு சுருங்கி கல்லு மாதிரி ஆயிடும், அப்புறம் எவ்வளவு வறுத்தாலும் மெத்துனு வராது.

காயுற நேரத்துல கொட்டையைப் பிரிச்சுப் பாத்து கழிக்க வேண்டியதைக் கழிச்சிடுங்க. கறுப்பா பூஞ்சை பிடிச்சது, அமுக்குனா மெத்து மெத்துனு குழியுறது, ஓட்டை விழுந்தது எல்லாம் வேண்டாம். லேசா முளை எட்டிப் பாக்குறது பரவாயில்ல, முளையைக் கிள்ளிட்டு போட்டுக்கலாம். நீளமா வேர் விட்டதுன்னா ருசி போயிருக்கும், அத மண்ணுலயே ஊனி வையுங்க.

கீறுறது, இத விட்டுடாதீங்க

ஒவ்வொரு கொட்டையிலயும் வெள்ளைத் தோல் அறுபடுற மாதிரி ஒரு கீறல் கண்டிப்பா வேணும். பருப்பு வரைக்கும் ஆழமா வெட்ட வேண்டியதில்ல, தோல் திறந்தா போதும். கொட்டையை உள்ளங்கையில வச்சு கீறாதீங்க, வழுக்குனா விரல்தான் போகும். பலகையில படுக்க வச்சு, கூரான முனையை கத்தியால கொஞ்சமா சீவி விட்டா வேலை சட்டுனு முடியும். கத்தி வேண்டாம்னா குழவியால லேசா ஒரு தட்டு, தோல் விரிசல் விட்டா போதும், நசுங்கக் கூடாது.

சிலபேரு வெள்ளைத் தோலை முழுசா உரிச்சிட்டு வறுப்பாங்க. சட்டியில செய்யலாம்தான், ஆனா மூடாக்கு இல்லாததால பருப்பு காஞ்சு விறைப்பா வரும், தோலோட வறுத்தா உள்ளயே ஆவி நின்னு வேகுறதால மாவு மாவா வரும். எனக்கு தோலோட வறுக்கிறதுதான் பிடிக்கும். தணல்லன்னா தோல் இருந்தே ஆகணும், இல்லன்னா சாம்பல் பருப்புல அப்பிக்கும்.

சட்டியில வறுக்கிறது

அடி கனமான இரும்புச் சட்டி, தோசைக்கல், மண்சட்டி எது இருந்தாலும் சரி. நான்-ஸ்டிக் வேண்டாம், வெறும் சட்டியா ரொம்ப நேரம் காய வைக்க அது ஆகாது. எண்ணெயும் தேவையில்ல. பெருசு ஒரு பக்கம், சிறுசு ஒரு பக்கம்னு கொட்டையைப் பிரிச்சுக்கோங்க, சிறுசு முன்னாடியே வெந்துடும்ங்கிறதால அத அஞ்சு நிமிஷம் கழிச்சு போட்டாப் போதும். ஒரே அடுக்கா பரவுற அளவுக்கு மட்டும் போடுங்க, குவியலா போட்டா அடியில இருக்கிறது கருகுது, மேல இருக்கிறது சும்மா உக்காந்திருக்கு.

சட்டியை மிதமான தீயில ரெண்டு மூணு நிமிஷம் காய விட்டு கொட்டையைப் போட்டதும் தீயை சிம்முக்கு கொஞ்சம் மேல வச்சிட்டு மூடி போடுங்க. முதல் எட்டு பத்து நிமிஷம் மூடித்தான் இருக்கணும், கொட்டையில இருந்து வர்ற ஆவி சட்டிக்குள்ளயே நின்னு வேக வைக்கிற நேரம் இது. கீறாம தப்புன ஒண்ணு ரெண்டு வெடிச்சாலும் மூடி தடுத்துக்கும். மூடியில தண்ணி கோத்துச்சுன்னா திறக்கும்போது துணியால துடைச்சிடுங்க, சட்டிக்குள்ள சொட்ட விடாதீங்க.

ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்பணும். இங்கதான் ஒரு நுணுக்கம் இருக்கு, சட்டியைக் குலுக்குனா மட்டும் போதும்னு நினைப்போம், ஆனா பலாக்கொட்டைக்கு ஒரு பக்கம் கொஞ்சம் தட்டையா இருக்கும், குலுக்குனா அது சறுக்கிட்டு மறுபடி அதே தட்டைப் பக்கமே உக்காரும், அந்தப் பக்கம் கருகிப்போயிருக்கும் முதுகுப் பக்கம் வெள்ளையாவே கிடக்கும். அதனால தோசைக் கரண்டியை அடியில விட்டு புரட்டிப் போடுங்க, பிடிவாதமா திரும்பாததை இடுக்கியால ஒண்ணொண்ணா நிமித்தி விடுங்க.

பத்து நிமிஷத்துக்கு அப்புறம் மூடியை எடுத்துட்டு அதே தீயில இன்னொரு பத்து பதினஞ்சு நிமிஷம் புரட்டிக்கிட்டே இருங்க. கீறுன இடத்துல நுரை மாதிரி ஈரம் பொங்கி உஸ்ஸுனு சத்தம் வரும், வரட்டும், பயப்படாதீங்க, ஆவி சரியான வழியில போகுதுன்னு அர்த்தம். அந்த சத்தம் அடங்கணும். வெள்ளைத் தோல்ல பழுப்பும் கறுப்புமா திட்டு விழுந்து வெடிப்பு விடும், கீறல் அகலமா வாய் திறக்கும், கரண்டியால கிளறும்போது முதல்ல தொப் தொப்னு கேட்டது இப்ப கலகலன்னு கேக்கும். பொடிக் கொட்டையா இருந்தா 20 நிமிஷத்துல முடியும், பெருசுக்கு 25, சில நேரம் 30 கூட ஆகும், கடிகாரத்தை விட சத்தத்தையும் கொட்டையையும் நம்புங்க.

கடைசியா சந்தேகமே வேண்டாம், இருக்கிறதுலயே பெரிய கொட்டையா ஒண்ணை எடுத்து குறுக்க வெட்டிப் பாருங்க. நடுவுல கண்ணாடி மாதிரி ஈரப் பளபளப்போட ஒரு திட்டு இருந்தா இன்னும் வேகல, தீயைக் குறைச்சு மூடி போட்டு அஞ்சு நிமிஷம் விடுங்க. முழுசும் ஒரே மங்கலான நிறமா இருந்து, விரல்ல அழுத்துனா அவிச்ச சர்க்கரைவள்ளி மாதிரி உதிர்ந்தா ஆச்சு. அரைகுறையா வெந்ததை பரவாயில்லனு தின்னுடாதீங்க, பச்சைக் கொட்டையில புரதம் செரிக்கிறதை தடுக்கிற பொருள் இருக்கு, நல்லா வெந்தாதான் அது அடங்கும், இல்லன்னா வயிறு உப்பி கஷ்டப்படுத்தும்.

உப்பு வேணும்னா அரை ஸ்பூன் உப்பை ரெண்டு ஸ்பூன் தண்ணியில கரைச்சு, அடுப்பை அணைக்கிறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி சட்டியில தெளிச்சு புரட்டுங்க. தண்ணி சுர்ருனு வத்தி உப்பு கீறல் வழியா கொஞ்சம் உள்ளயும் இறங்கும்.

தணல்ல சுடுறது

ருசின்னு பாத்தா இதுதான், புகை வாசம் சட்டியில வராது. ஆனா எரியுற தீயில போடக்கூடாது, கொழுந்து முழுக்க அடங்கி கங்கு மேல வெள்ளை சாம்பல் படியணும். விறகடுப்புல சமையல் முடிஞ்ச கையோட செஞ்சா அதுக்குன்னு தனியா எரிக்க வேண்டியதில்ல. விறகோ தேங்கா சிரட்டையோ எதுன்னாலும் சரி, பெயிண்ட் அடிச்ச கட்டை, பிளைவுட் துண்டு மட்டும் கூடாது. கரி அடுப்புன்னா மொட்டை மாடியிலயோ வாசல்லயோ வச்சு செய்யுங்க, ஜன்னல் சாத்துன ரூமுக்குள்ள தணல் வைக்கிறது உயிருக்கே ஆபத்து.

கங்கை ஒரு ஓரமா ஒதுக்கிட்டு அடியில இருக்கிற சுடு சாம்பலை ரெண்டு விரல் கனத்துக்கு பரப்புங்க. அதுல கீறுன கொட்டையை ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம அடுக்கி, மேல சாம்பலைத் தள்ளி மூடி, அதுக்கும் மேல நாலஞ்சு கங்கை வையுங்க. செவந்த கங்கு மேல நேரா வச்சா ரெண்டே நிமிஷத்துல தோல் எரிஞ்சு போகும், உள்ள ஒண்ணும் ஆகியிருக்காது. சாம்பல்தான் சூட்டை நிதானமா கொடுக்கும். பத்து நிமிஷம் கழிச்சு குச்சியால கிளறி ஒவ்வொண்ணையும் மறுபக்கம் புரட்டி மறுபடி மூடிடுங்க, இன்னொரு அஞ்சுல இருந்து பத்து நிமிஷம். குனிஞ்சு முகத்தைக் கிட்ட கொண்டுபோகாதீங்க, கீறாத ஒரு கொட்டை வெடிச்சா போதும், சுடு சாம்பல் நேரா கண்ணுக்குத்தான் வரும். சின்னப் பிள்ளைங்க ஆசையா பக்கத்துல வந்து உக்காருவாங்க, கொஞ்சம் தள்ளியே வையுங்க.

உரிக்கிறது

அடுப்புல இருந்து எடுத்ததும் கை வைக்காதீங்க, உள்ள இன்னும் ஆவி இருக்கும், ரெண்டு மூணு நிமிஷம் விடணும். அதுக்காக முழுசா ஆறவும் விடக்கூடாது, ஆறிட்டா தோல் பருப்போட இறுகிக்கும். கை பொறுக்கிற சூட்டுல பழைய காட்டன் துணியில கொட்டி மூட்டையா கட்டி தரையில வச்சு உள்ளங்கையால அழுத்தி உருட்டுங்க, வெள்ளைத் தோல் நொறுங்கி முக்கால்வாசி அங்கயே கழண்டுடும். மிச்சத்தை கீறல்ல நகத்தை விட்டு நெம்புனா ரெண்டு சில்லா வந்துடும். தணல்ல சுட்டதுன்னா முதல்ல முறத்துல போட்டு சாம்பலைப் புடைச்சிட்டு அப்புறம் துணியில போடுங்க.

உள்ள இன்னொரு மெல்லிசான பழுப்புத் தோல் பருப்போட ஒட்டியிருக்கும், அத உரிக்கிறேன்னு மல்லுக்கட்ட வேண்டாம், திங்கலாம், லேசா துவர்க்கும் அவ்வளவுதான். குழந்தைங்களுக்குக் குடுக்கிறதுன்னா மட்டும் கத்தி முதுகால சுரண்டிட்டு சின்னத் துண்டா நறுக்கிக் குடுங்க, முழுசா குடுத்தா தொண்டையில அடைச்சுக்கும்.

சூடா இருக்கும்போதே தின்னுடணும். ராத்திரி வரைக்கும் வச்சா மாவு இறுகி ரப்பர் மாதிரி ஆயிடும், மறுபடி வறுத்தா இன்னும் கட்டியாகுமே தவிர பழைய பதம் வராது. அப்படி மிஞ்சுனதை தட்டிப் போட்டு புளிக்குழம்புலயோ கத்திரிக்கா கூட்டுலயோ சேத்துடுங்க. வறுக்காத கொட்டை மிச்சம் இருந்தா காஞ்ச மணல்ல புதைச்சு மண்சட்டியில வச்சு மூடி ஈரம் படாத மூலையில வையுங்க, அப்பப்ப நாலு கொட்டை எடுத்து வறுத்துக்கலாம்.